நீளமான பிராம்ப்ட்டில் எதை வைப்பது, எதை வெட்டுவது

கேள்வி: ஏஐ டூலில் ஒரு ஆப் செய்யப் பத்துப் பக்கத்துக்கு விவரமாக பிராம்ப்ட் எழுதிக் கொடுத்தேன். பாதியைக் கண்டுகொள்ளவே இல்லை. விவரம் கூடினால் நல்லதுதானே, ஏன் இப்படி ஆகிறது? எதைக் குறைப்பது?

டூல் உங்கள் பிராம்ப்ட்டை வரிவரியாகப் படித்து, முடித்ததை டிக் அடித்துக்கொண்டே போவதில்லை. உள்ளே இருக்கும் மாடல் ஒவ்வொரு டோக்கனை, அதாவது ஒரு சொல்லையோ சொல்லின் துண்டையோ, எழுதும்போதும், அதுவரை முன்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் தன் கவனத்தைப் பங்கு போடுகிறது. அந்தப் பங்குகளைக் கூட்டினால் எப்போதும் ஒன்றுதான் வரும். நீங்கள் இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தால் கவனம் வளராது, பங்கு கேட்கும் வரிகள்தான் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கட்டளையை மாடல் நூற்றுக்கு 98 முறை சரியாகச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10 கட்டளைகள் இருந்தால், பத்தும் சரியாக வர வாய்ப்பு சுமார் 82 சதவீதம். 40 கட்டளைகள் இருந்தால் அது 45 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மாடல் மோசமாகவில்லை, நாம்தான் ஒரே மூச்சில் நிறையக் கேட்டுவிட்டோம்.

இதோடு வரி இருக்கும் இடமும் சேர்ந்துகொள்கிறது. 2023இல் நெல்சன் லியூவும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பல ஆவணங்களைக் கொடுத்து, விடை இருக்கும் ஆவணத்தை மட்டும் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேள்வி கேட்டார்கள். விடை தொடக்கத்திலோ கடைசியிலோ இருந்தபோது மாடல்கள் நன்றாகப் பதில் சொல்லின, நடுவில் இருந்தபோது தடுமாறின. பிறகு வந்த மாடல்கள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் முக்கியமான நிபந்தனையை ஆறாம் பக்கத்தில் ஒரு பத்தியின் நடுவே வைப்பது இன்றைக்கும் ஆபத்துதான்.

சரி, பாதி போயிற்று என்கிறீர்களே, எந்தப் பாதி என்று பார்த்தீர்களா? என் அனுபவத்தில் தொலைவது பெரும்பாலும் ஒரே வகை வரிகள்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். கட்டணக் கணக்குக்கு ஒரு ஆப் வேண்டும் என்று நீண்ட பிராம்ப்ட் எழுதியிருந்தார். சென்டரின் வரலாறு, நோக்கம், என்ன நிறம், லாகின் பக்கம், வரைபடங்கள், அடுத்த வருடம் சேர்க்க வேண்டிய வாட்ஸ்அப் நினைவூட்டல் என எல்லாம் இருந்தன. நடுவில் எங்கோ, பெற்றோர் தவணையாகக் கட்டுவார்கள், அக்கா தம்பி இருவரும் படித்தால் சேர்த்துக் கட்டிவிட்டு ஒரே ரசீது கேட்பார்கள் என்று இருந்தது. டூல் அழகான வரைபடங்களோடு ஒரு ஆப் கொடுத்தது. அதில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் பக்கத்தில் 'கட்டியாச்சு', 'கட்டவில்லை' என்று ஒரே ஒரு பட்டன். தவணையும் இல்லை, குடும்ப ரசீதும் இல்லை.

இது தற்செயல் இல்லை. மாடல் பயிற்சியில் பார்த்த கட்டண ஆப்களில் மிகவும் வழக்கமான வடிவம் இதுவாகத்தான் இருக்கும். வழக்கத்தோடு ஒத்துப்போகும் வரியை நீங்கள் எழுதாவிட்டாலும் அது செய்துவிடும். வழக்கத்துக்கு மாறான வரிக்குத்தான் நிறையக் கவனம் தேவை, கூட்டத்தில் முதலில் தொலைவதும் அதுவேதான்.

அதனால் ஒவ்வொரு வரிக்கும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த வரியை எடுத்துவிட்டால், டூல் தவறான ஒன்றைக் கட்டுமா? 'லாகினுக்குப் பாஸ்வேர்டு வேண்டும்' என்பதை எடுத்தாலும் அது வைத்துவிடும், வெட்டலாம். 'எளிமையாக, நவீனமாக இருக்க வேண்டும்' என்பதை வைத்தாலும் எடுத்தாலும், அது நடந்ததா என்று சோதிக்க வழியில்லை, வெட்டலாம். வாட்ஸ்அப் நினைவூட்டல் தேவைதான், ஆனால் இன்றைக்கு இல்லை, அதை வேறு கோப்பில் எழுதி வையுங்கள். பிராம்ப்ட்டில் விட்டால் இப்போதே அரைகுறையாக ஒரு பட்டன் வைத்துவிடும்.

இரண்டாவது கேள்வி, பிறகு மாற்ற எவ்வளவு செலவாகும் என்பது. நிறத்தை நாளைக்கு ஒரு வரியில் மாற்றிவிடலாம். 'கட்டியாச்சு' என்று ஒரே கட்டமாக உருவாக்கிய டேட்டாபேஸைத் தவணைக்கு மாற்றுவது என்றால், டேபிள், திரை, ரசீது எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே தரவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் வரிகள் முதல் பிராம்ப்ட்டில் இருக்கட்டும். தோற்றம் அப்புறம் வரலாம்.

இப்படி வெட்டிய பிறகு அவருடைய முதல் பிராம்ப்ட் இவ்வளவுதான் மிஞ்சியது:

```
டியூஷன் சென்டருக்குக் கட்டணக் கணக்கு ஆப்.
பயன்படுத்துபவர் ஒருவர் மட்டும், போனில்.

1. ஒரு மாதக் கட்டணத்தைப் பல தவணையாகக் கட்டலாம்.
2. ஒரு தொகையை ஒரே குடும்பத்தின் பல
   பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம். ரசீது ஒன்றுதான்.
3. பதிந்த தொகையை அழிக்க முடியக் கூடாது,
   ரத்து என்று குறிக்க மட்டும் முடிய வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஜூன் கட்டணம் யாழினி 1500,
கவின் 1200. அம்மா 2000 கட்டினார்: யாழினிக்கு
1500, கவினுக்கு 500. கவின் பாக்கி 700.
```

கடைசியில் இருக்கும் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். தவணை, குடும்பம், ஒரே ரசீது என்பவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதை அரைப் பக்க விளக்கத்தைவிட இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆப் வந்ததும் அதே எண்களைப் போட்டு, 700 வருகிறதா என்று பார்த்தாலே போதும். இரண்டாவது கட்டமாக ரசீது அச்சு, மூன்றாவதாக மாதாந்திரப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அதற்காக எல்லாவற்றையும் சுருக்கிவிடவும் கூடாது. 'கட்டண ஆப் வேண்டும்' என்று ஒரு வரியில் கேட்டால் மறுபடியும் அதே ஒற்றைப் பட்டன் ஆப்தான் வரும், ஏனென்றால் விட்ட இடத்தையெல்லாம் மாடல் வழக்கத்தைக் கொண்டே நிரப்பும். அதேபோல் உங்களிடம் மாணவர் பட்டியலோ பழைய டேபிள் அமைப்போ இருந்தால், அது நீளமாக இருப்பதில் தவறில்லை. அது கட்டளை இல்லை, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளும் தரவு. தனிக் கோப்பாகக் கொடுங்கள், கட்டளைகளுக்கு நடுவே ஒட்டாதீர்கள்.

வேலை நீளும்போது இன்னொன்று நடக்கும். டூல் எழுதிய நிரலும் பிழைச் செய்திகளும் அதே உரையாடலில் சேர்ந்துகொண்டே போகும். மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவு நிறைந்ததும் பல டூல்கள் பழைய பேச்சைத் தானாகவே சுருக்கிக்கொள்கின்றன. அந்தச் சுருக்கத்தில் 'அழிக்க முடியக் கூடாது' போன்ற சிறு நிபந்தனைகள் சத்தமில்லாமல் விழுந்துவிடலாம். முதல் நாள் ஒழுங்காகச் செய்தது மூன்றாம் நாள் மீறுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எப்போதும் பொருந்தும் அந்த நான்கைந்து வரிகளை, டூல் ஒவ்வொரு முறையும் படிக்கும் விதிமுறைக் கோப்பில் வையுங்கள். டூலுக்கு ஏற்ப அதன் பெயர் `AGENTS.md`, `CLAUDE.md` என்பதுபோல் இருக்கும். அந்தக் கோப்பும் வளர்ந்து பத்துப் பக்கமானால் பழைய கதைதான்.

உங்கள் பிராம்ப்ட்டில் நீளம்தான் பிரச்சினையா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. டூல் விட்டுவிட்ட ஒரு வரியை மட்டும் எடுத்து, புதிய உரையாடலில் தனியாகக் கொடுங்கள். சரியாகச் செய்தால் அது கூட்டத்தில்தான் தொலைந்திருக்கிறது, மற்ற வரிகளை வெட்டுங்கள். தனியாகக் கொடுத்தும் தவறு செய்தால், அந்த வரி இரண்டு விதமாகப் புரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எவ்வளவு வெட்டினாலும் பயன் இல்லை, அந்த ஒரு வரியைத்தான் எண்களோடு திருப்பி எழுத வேண்டும்.