சூப்பர் தூள்

கேள்வி: எங்கள் டீ ஃபேக்டரியில் உடன் வேலை பார்ப்பவர், சிறு விவசாயிகளிடம் இலை பறிப்பு பற்றிப் பேச ஒரு பிரசன்டேஷன் தயாரித்தார். ஒத்திகை பார்த்துவிட்டு, கருத்தை எழுதித் தரச் சொன்னார். 'சூப்பர்' என்று எழுதினேன், முகம் வாடிவிட்டது. குறையை எழுதினால் மனம் நோகாதா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: டீ ஃபேக்டரியில் இருந்துகொண்டு 'சூப்பர்' என்று எழுதலாமா? உங்கள் கிரேடுப் பட்டியலைப் பாருங்கள்: சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட். அங்கே சூப்பர் எல்லாம் தூள்தான். 'தூள் கிளப்பிட்டீங்க' என்றாவது எழுதியிருந்தால் ஒரு வினைச்சொல் மிஞ்சியிருக்கும். (மசாலா டீ மேல் எனக்குள்ள பகை ஊரறிந்தது. ஏலக்காயைத் தட்டிப் போட்டால் எந்தத் தூளும் சூப்பர்தான்.)

குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளை டேஸ்டர் உறிஞ்சித் துப்பிவிட்டு 'பேக்கி' என்பார். டிரையரில் சூடு அதிகம் என்று அர்த்தம். 'ஸ்டூடு' என்றால் சூடு போதாமல் இலை புழுங்கிவிட்டது. ஒரே சொல்தான், எதைத் திருகவேண்டும் என்று டீமேக்கருக்குப் புரிந்துவிடும். அதற்காக யாரும் அழுவதில்லை.

பாராட்டும் அப்படி இருக்கட்டும். 'நாலாவது ஸ்லைடில் இரண்டு இலையும் மொட்டும் ஒரு தட்டில், முற்றிய இலை ஒரு தட்டில், பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே வித்தியாசம் தெரிந்தது. இதை எடுத்துவிடாதீர்கள்.' அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எது நன்றாக இருந்தது என்று தெரியாதவர், திருத்தும்போது அதையும் சேர்த்தே வெட்டிவிடுவார்.

குறைக்கு: 'ஒன்பதாவது ஸ்லைடில் 5 கிரேடுக்கு 12 மாத விலை, ஆக 60 எண்கள். பின்பெஞ்சிலிருந்து படிக்க முடியவில்லை. விவசாயி தேடுவது பச்சை இலை விலையை. அதை மட்டும் ஒரு கோடாக வரைந்தால் போதுமே?' எந்த இடம், யாருக்கு என்ன சிரமம், பதிலுக்கு என்ன செய்யலாம், மூன்றும் வந்துவிட்டன. 'பதற்றமாக இருந்தீர்கள்' என்று எழுதாதீர்கள், அது உங்கள் யூகம். 'கடைசி 5 ஸ்லைடுகள் 2 நிமிடத்தில் ஓடிவிட்டன' என்பதைக் கடிகாரமே சொல்லும். பாராட்டிய கையோடு 'ஆனால்' போட்டால் பாராட்டு கரைந்துபோகும். குறையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் சுலபமான எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, கஷ்டமான ஒன்பதாவது ஸ்லைடை அப்படியே விட்டுவிடுவார்.

தகவல் பிழை வேறு கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். ஸ்லைடில் 'இரண்டு' என்று இருந்தால் அதைக் கருத்தோடு கலக்காமல் உடனே போனில் சொல்லிவிடுங்கள். இலை போடும் விவசாயி கூட்டத்திலேயே கணக்குக் கேட்பார்.

எழுதியதை அவரிடம் மட்டும் கொடுங்கள். மேனேஜருக்கு ஒரு காப்பி அனுப்பலாமா என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். டீ ஃபேக்டரியில் காப்பிக்கு என்ன வேலை?