ஓய்வுபெற்ற அப்பா அம்மாவுக்குப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: அப்பா அம்மா ரிட்டயர் ஆகி ஊட்டியில் வீட்டோடு இருக்கிறார்கள். வெட்டு குத்து பிடிக்காது, காட்சி படபடவென்று மாறினால் தலை சுற்றுகிறது என்கிறார்கள், இங்கிலீஷில் பேசினால் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன குடும்பப் படம் போடுவது?

நான் கோத்தகிரி. அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர், அம்மா டீச்சர். நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டால் அப்புறம் டிவியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது, அதனால் இந்தப் பாடு எனக்கும் பழக்கம்தான்.

ஆப்பில் ‘குடும்பம்’ என்று போட்டிருக்கும் வரிசையை நம்ப வேண்டாம், பங்காளிச் சண்டையில் அரிவாள் தூக்கும் படமும் அதில்தான் கிடக்கும். U சான்றிதழ் இருந்தாலும் அடிதடியே இருக்காது என்று அர்த்தமில்லை. அதைவிட, படம் தொடங்கும்போது வயதுக் குறியீட்டுக்குப் பக்கத்தில் வன்முறை, போதை, கெட்ட வார்த்தை என்று காரணம் சின்ன எழுத்தில் வருமே, அதைப் படியுங்கள். UA 16+ என்று போட்டு வன்முறையைக் காரணமாகச் சொல்லியிருந்தால் நான் அதோடு விட்டுவிடுவேன். டிரெய்லர் எதற்கும் உதவாது. நிதானமான படத்துக்கும் டிரெய்லரை வேகமாகத்தான் வெட்டுவார்கள்.

அடுத்து, படத்தை நீங்கள் முன்கூட்டியே மூன்று இடத்தில் திறந்து பாருங்கள்: வீட்டுக்குள் நாலைந்து பேர் பேசும் ஒரு காட்சி, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கடைசி அரை மணி. பேச்சுக் காட்சியில் ஒரு நிமிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படம் எத்தனை தடவை வெட்டி மாறுகிறது என்று எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்து பேசும் இடத்திலேயே இருபதைத் தாண்டினால் எங்கள் வீட்டில் அது ஓடாது, பத்துப் பன்னிரண்டு என்றால் தாராளமாகப் போடலாம். பாட்டில் எண்ணாதீர்கள், அங்கே எல்லாப் படமும் வேகம்தான். இங்கிலீஷ் எவ்வளவு என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்துவிடும். கதை ஆபீசிலோ கல்யாணமான சென்னை ஜோடியின் ஃபிளாட்டிலோ நடந்தால் பாதி வசனம் இங்கிலீஷாக இருக்க வாய்ப்பு அதிகம். தஞ்சாவூர், மதுரைப் பக்கம் என்றால் பெரும்பாலும் தப்பித்தோம்.

இப்படிப் பார்த்து எங்கள் வீட்டில் தேறியது ‘மெய்யழகன்’ (2024). சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், பல வருஷம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஊர் திரும்புகிறான். அத்தான் அத்தான் என்று உருகும் ஒருத்தன் ஒட்டிக்கொள்கிறான், அவன் பெயர் என்னவென்றே இவனுக்கு ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். படத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு பேர் ஒரு ராத்திரி உட்கார்ந்து பேசுவதுதான். கல்யாண மேடையில் அந்தத் தங்கைக்கு நகை போட்டுவிடும் காட்சியில் கேமரா அவசரப்படாமல் முகங்களிலேயே நிற்கும், அம்மா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். ஒரே குறை நீளம். தியேட்டரில் வந்த பிறகு சுமார் 18 நிமிடம் குறைத்தும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டு சாயங்காலமாகப் பிரித்துப் போடுங்கள், கல்யாண மண்டபம் முடிகிற இடத்தில் நிறுத்தினால் கதை அறுபடாது.

பழைய படம் என்றால் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986). மூத்த மகனோடு சண்டை முற்றி அப்பா வீட்டுக்கு நடுவே கோடு போடுவாரே, அதுதான். மேடை நாடகப் பாணி என்பதால் நாலு பேரும் ஒரே சட்டகத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், கண்ணுக்குச் சுகம். ஆனால் கத்திப் பேசுவார்கள். சத்தமே வன்முறை மாதிரி படும் ஆட்களுக்கு ஆகாது, அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று நிபந்தனையிலும் பாஸாகிவிட்டுச் சரிப்படாத படமும் உண்டு. பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989) அருமையான படம், நிதானம், ஒரு அடி கிடையாது. கதையோ மனைவியை இழந்த பெரியவர் உறவினர் வீட்டுக்கு வந்து கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போவது. மகனோ மகளோ இதைத் தேடிப்பிடித்துப் போட்டால் அப்பா என்ன நினைப்பார்? கதைச் சுருக்கத்தை முடிவு வரை படித்துவிட்டுப் போடுங்கள், முடிவு முன்னாடியே தெரிந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம், அவர்களுக்கு இல்லை.

அப்புறம் ஒரு விஷயம், ‘வசனமே புரியல, வேகமா பேசறான்’ என்று சொன்னால் குற்றம் எப்போதும் எடிட்டிங்கில் இல்லை. ஆடியோ 5.1-ல் இருந்தால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பேச்சு அமுங்கி இசை மட்டும் எகிறலாம். ஆடியோ அமைப்பில் ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் இங்கே நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாதே, அதனால் ரெண்டு படத்தை முன்னாடியே டேப்லெட்டில் இறக்கி வைத்துவிடுங்கள்.