ஓடு, கட்டு, தெரியும், வந்துசேர்: வினைகளை நான்காகப் பிரிப்பது பற்றிய கேள்வி பதில்

எம்.ஏ. மாணவி, மதுரை: அக்கா, வகுப்பில் வினைகளை நிலை, செயல்பாடு, நிறைவேற்றம், எய்துதல் என்று நான்காகப் பிரித்துப் பேச வேண்டும். ஒரு வினை எதில் சேரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த நான்கு வகையும் தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வருகின்றன. வரையறைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு வினையோடும் இரண்டு காலத்தொடர்களைச் சேர்த்துப் பாருங்கள்: 'அரை மணி நேரம்', 'அரை மணி நேரத்தில்'.

"அரை மணி நேரம் ஓடினாள்" என்பது இயல்பான வாக்கியம். "அரை மணி நேரத்தில் ஓடினாள்" என்றால், கேட்பவர் "எவ்வளவு தூரம்?" என்பார். ஓடுவதற்குத் தனக்கென்று ஒரு முடிவு கிடையாது. எந்த நிமிடத்தில் நிறுத்தினாலும் அதுவரை ஓடியது ஓடியதுதான். இது செயல்பாடு.

"ஆறு மாதத்தில் வீட்டைக் கட்டினார்" என்பதில் முடிவு வினைக்குள்ளேயே இருக்கிறது. வீடு எழுந்து நின்றால்தான் வேலை முடியும். இது நிறைவேற்றம்.

"ரயில் அரை மணி நேரத்தில் வந்துசேர்ந்தது" என்பதும் சரியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்த அரை மணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீடு கட்டிய ஆறு மாதமும் கட்டும் வேலை நடந்தது. ரயில் விஷயத்திலோ, அந்த அரை மணி முழுவதும் அது வந்துசேரவில்லை; அதன் முடிவில் ஒரு கணத்தில் வந்துசேர்ந்தது. 'நேரத்தில்' என்பது இங்கே முன்னே கழிந்த நேரத்தை அளக்கிறது. இது எய்துதல்.

'தெரியும்' நிலை. "அவரைப் பத்து வருடமாகத் தெரியும்" என்றால் அந்தப் பத்து வருடத்தில் எதுவும் நடக்க வேண்டியதில்லை, தூங்கும்போதும் தெரியும்தான். "அரை மணி நேரத்தில் உனக்கே தெரியும்" என்று சொன்னால் பொருள் மாறிவிடும். அறிவு அப்போதுதான் தொடங்கும் என்று ஆகிவிடுகிறது. நிலையின் தொடக்கம் எய்துதலாக நடந்துகொள்ளும். இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், பலர் தடுமாறும் இடம் இதுதான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: சுருக்கமாகச் சொன்னால் நேரம் எடுத்தால் நிறைவேற்றம், சட்டென்று நடந்தால் எய்துதல். அப்போ தும்முவதும் எய்துதல்தானே?

பாதி சரி. எய்துதலுக்கு நீளம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீளம் இல்லாதது மட்டும் போதாது, ஒரு மாற்றமும் நடந்திருக்க வேண்டும். ரயில் வந்துசேர்வதற்கு முன் இங்கே இல்லை, சேர்ந்தபின் இருக்கிறது. தும்மியபின் என்ன மாறியது? முன்பிருந்தபடியே இருக்கிறோம், மறுபடி தும்மலாம்.

'-கொண்டிரு' சேர்த்தால் இந்த வேறுபாடு வெளிப்படும். "தும்மிக்கொண்டிருந்தான்" என்றதும் பல தும்மல்கள் என்று புரிந்துகொள்கிறோம். "அந்த ரயில் வந்துசேர்ந்துகொண்டிருந்தது" என்று ஒரே ரயிலைப் பற்றிச் சொல்ல நாக்கு தயங்கும். "விருந்தினர்கள் வந்துசேர்ந்துகொண்டிருக்கிறார்கள்" என்பது சரி, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒரு வருகை. தும்மல், இமைத்தல், ஒருமுறை தட்டுதல் போன்றவற்றுக்கு மொழியியலாளர் கார்லோட்டா ஸ்மித் ஐந்தாவது வகையே வைத்தார். தேர்வில் நான்கு வகைதான் கேட்பார்கள் என்றால், தும்மலை உதாரணமாக எழுதாமல் விடுவது நல்லது.

ஆங்கில ஆசிரியர், திண்டுக்கல்: என் மாணவர்கள் "ஐ ஆம் நோயிங்" என்று எழுதுகிறார்கள். தமிழில் 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்கிறோமே, தவறு அங்கிருந்துதான் வருகிறதா?

அங்கிருந்து வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஐயா. ஆனால் அந்தத் தமிழ்ச் சொல் தொடர் செயலைச் சொல்லவில்லை. அதில் உள்ள 'கொள்' 'தெரிந்துகொள்' என்ற வினையின் பகுதி. அதன்பின் வரும் 'இரு', தெரிந்துகொண்டதன் பலன் இப்போதும் இருக்கிறது என்கிறது. 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்பதில் 'கொண்டிரு' முழுவதும் சேர்ந்து, செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. எழுத்தில் இரண்டும் ஒரே வால், வேலை வேறு.

மாணவர்களிடம் "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்களே சிரித்துவிடுவார்கள். ஆங்கில 'நோ'வும் தமிழ்த் 'தெரியும்'உம் நிலை என்பதால்தான் இரண்டும் அந்த வடிவத்தை ஏற்பதில்லை. அதைவிடச் சுவையான விஷயம்: நேற்று இருந்த அறிவைச் சொல்லவும் "எனக்கு அப்போதே தெரியும்" என்கிறோம். "அப்போதே தெரிந்தது" என்றால் அந்தக் கணத்தில்தான் தெரியவந்தது போல ஆகிவிடும்.

வீட்டுக்காரர், திருவள்ளூர்: மேஸ்திரி பேஸ்மட்டம் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. உங்கள் கணக்குப்படி அவர் என் வீட்டைக் கட்டினாரா, இல்லையா?

உங்கள் சிரமம் புரிகிறது. பணம் தருவதா வேண்டாமா என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும், வினை சொல்லாது. ஆனால் நீங்கள் கேட்டது பெரிய கேள்வி. "ஓடிக்கொண்டிருந்தார்" என்பது உண்மையானால் "ஓடினார்" என்பதும் உண்மை. "வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்" என்பது உண்மையாக இருந்தும் "வீட்டைக் கட்டினார்" என்று சொல்ல முடியாமல் போகலாம். உங்கள் மனையில் வீடே இல்லை, இருந்தும் 'வீட்டை' என்கிறோம். இல்லாத ஒன்றைப் பற்றிய வாக்கியம் எப்படி உண்மையாகிறது என்று மொழியியலாளர் டேவிட் டௌட்டி 1970களில் விரிவாக ஆராய்ந்தார். தடங்கல் இல்லாமல் போயிருந்தால் வீடு வந்திருக்கும் என்ற வகையில் அவர் விடை தேடினார். எது தடங்கல், எது இயல்பான போக்கு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

மொழியியல் ஆய்வாளர்: 'ஐந்து கிலோமீட்டர்' சேர்த்தால் 'ஓடு'வும் நிறைவேற்றம் ஆகிறது. மொழியியலாளர் வெர்கைல் 1972லேயே இதைக் காட்டிவிட்டார். பிறகு ஏன் வினையை வகைப்படுத்துகிறீர்கள்?

நீங்கள் சொல்வது சரி. வகை உண்மையில் வினைத்தொடருக்குத்தான் உரியது. "இரண்டு மணி நேரம் புத்தகம் படித்தான்" என்பதும் "இரண்டு மணி நேரத்தில் புத்தகத்தைப் படித்து முடித்தான்" என்பதும் ஒரே 'படி'தான். ஆனாலும் ஒரே ஒரு வருகையைச் சொல்லும்போது 'வந்துசேர்' எந்தத் துணையோடும் 'ஓடு' போல ஆவதில்லை. வினை தன் பங்குக்குக் கொண்டுவருவது ஏதோ இருக்கிறது. அதனால் தொடக்கநிலை மாணவர்களுக்கு வினையிலிருந்து தொடங்குகிறேன்.

வாசகர், யாழ்ப்பாணம்: நாங்கள் "மகனை எழுப்பினேன், அவன் எழும்பேல்லை" என்று சாதாரணமாகச் சொல்லுவம். முடிவு வினைக்குள்ளே இருந்தால் இது எப்படிச் சரி?

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கும் வாக்கியம். தமிழ்நாட்டிலும் "எழுப்பினேன், எழுந்திருக்கல" என்போம். "தேங்காயை உடைத்தேன், உடையல" என்பதைச் சிலர் ஏற்கிறார்கள், சிலர் "உடைக்கப் பார்த்தேன்" என்று திருத்துகிறார்கள். 'எழுப்பிவிட்டேன்' என்று சொன்னபின் 'எழும்பேல்லை' என்றால் முரண்பாடு உடனே தெரிகிறது. ஆக, முயற்சியைச் சொல்வது 'எழுப்பு', பலனை உறுதி செய்வது 'விடு' என்று தோன்றுகிறது. ஆனால் எல்லா வினையும் இப்படியில்லை. "அவனைக் கொன்றேன், அவன் சாகவில்லை" என்பதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் ஊரில் எந்தெந்த வினைகளோடு இப்படிச் சொல்வார்கள், எவற்றோடு சொல்லமாட்டார்கள் என்று நாலைந்து பேரிடம் கேட்டு எழுதுங்கள். 'உடை', 'அணை', 'திற' மூன்றையும் முதலில் கேளுங்கள்.