ஷார்ட்ஸ்க்கு எத்தனை ஹேஷ்டேக் போட்டா ரீச் கூடும்? டைட்டில்ல போடணுமா, டிஸ்கிரிப்ஷன்லயா? யாராச்சும் டெஸ்ட் பண்ணிருக்கீங்களா?

நான் சேலம், ஏற்காடு, தட்டுவடை செட்டுன்னு யூடியூப் ஷார்ட்ஸ் போடுற ஆளு. மொதல்ல நானும் தப்பாத்தான் கணக்கு போட்டேன். 12 டேக் போட்டதெல்லாம் நல்லா ஓடுச்சு, சரி டேக்தான் காரணம்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்புறம்தான் உறைச்சுது, பனி இறங்கி ஏரி பாதி மறைஞ்சு ஷாட் சூப்பரா வந்த அன்னிக்கு மட்டும் ஆசையா ஒக்காந்து 12 டேக் அடிச்சிருக்கேன், சுமாரான வீடியோவ மூணோட முடிச்சிருக்கேன். ஓடுனது பனி, பேரு டேக்குக்கு.

அதனால வீடியோவ ஜோடி ஜோடியா பிரிச்சேன். தட்டுவடைக்கு தட்டுவடை, பனிக்கு பனி, நீளமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். எதுக்கு 3 டேக், எதுக்கு 12, எது மொதல்ல போகுதுன்னு காசு சுண்டித்தான் முடிவு பண்ணேன், கை வச்சா மனசு நல்ல வீடியோ பக்கம் போயிரும். ரெண்டும் அடுத்தடுத்த நாள் சாயங்காலம் 7 மணிக்கு, சனி ஞாயிறு கிடையாது, போட்டப்புறம் எதையும் எடிட் பண்ணக்கூடாது, சரியா ஏழாம் நாள் நம்பர் எடுத்து ஷீட்ல எழுதிரணும்.

எந்த நம்பர்ங்கறதும் முக்கியம். 2025 மார்ச் 31ல இருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூ, லூப் ஆனா இன்னொண்ணு. அதனால வியூஸ விட்டுட்டு அனலிடிக்ஸ்ல என்கேஜ்டு வியூஸ் பாருங்க.

20 ஜோடி முடிஞ்சப்ப 12 டேக் பக்கம் சராசரி 5,000 தாண்டிருச்சு, 3 டேக் பக்கம் 1,300 தான். குதிச்சேன். பாத்தா கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்புற ஒரே வீடியோ 86,000 வாங்கிருக்கு, மிச்ச 19ம் ஆயிரத்து சொச்சம்தான். இந்த மாதிரி டேட்டாவுக்கு சராசரி ஆகாதுங்க, ஜோடில எது ஜெயிச்சுதுன்னு மட்டும் எண்ணுங்க. எண்ணுனா 12 டேக் 11 தடவ, 3 டேக் 9 தடவ. சும்மா காசு சுண்டுனாலே அப்படித்தான் வரும், 20ல ஒரு பக்கம் 15ஆவது வந்தாத்தான் நான் நம்புவேன்.

டிராஃபிக் சோர்ஸ்ல ஹேஷ்டேக் பேஜஸ்னு தனியா ஒரு வரி இருக்கும், அத பாருங்க, நேரா டேக் வழியா வந்தவங்க அதுல தெரிவாங்க. எனக்கு பெரும்பாலும் ஒத்த இலக்கம், மிச்சமெல்லாம் ஷார்ட்ஸ் ஃபீடு. அங்க ஸ்வைப் பண்ணாம நின்னு பாக்குறாங்களாங்கறதுதான் பேச்சு.

டைட்டிலா டிஸ்கிரிப்ஷனான்னு தனியா இன்னொரு 20 ஜோடி, டேக் மூணே மூணு. டிஸ்கிரிப்ஷன் 14, டைட்டில் 6. டைட்டில் வீடியோ மேலயே தெரியும், அங்க டேக் எடத்த அடைச்சுக்கிட்டா “13வது வளைவுல என்ன ஆச்சு பாருங்க”ங்கற வரி பாதில வெட்டுப்பட்டு போவுது, அதுதான் காரணமோன்னு ஒரு சந்தேகம். ஆனா 14 தானே, நான் சொன்ன 15ஐயே தொடல, அதனால இன்னும் 20 ஜோடி ஓட்டிக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் டேக்க டிஸ்கிரிப்ஷன்லயே வச்சிருக்கேன்.