அரிசியை விட்டும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 56, எடை 62 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக அரிசியைத் தொடவே இல்லை. காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சாமைச் சோறும் சாம்பாரும், இரவு கம்பு தோசை. ஆனாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 238 காட்டுகிறது. மூன்று மாதச் சராசரியும் 8.4லிருந்து 8.2க்குத்தான் வந்திருக்கிறது. அரிசியைத் திரும்பச் சேர்க்கலாமா? எதை எவ்வளவு சாப்பிடுவது?
- வாசகி, திருவாரூர்

பதில்: சேர்க்கலாம். மதியம் ஒரு வேளை, அளந்து சேருங்கள். உங்கள் தட்டில் அரிசி எழுந்து போன இடத்தில் சாமை வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பருப்பும் முட்டையும் இன்னும் வாசலிலேயே நிற்கின்றன.

50 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 39 கிராம். அதே 50 கிராம் சாமையில் சுமார் 33 கிராம். வித்தியாசம் ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை அளவு. "சிறுதானியம்தானே" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாலே அந்த லாபம் போய்விடும். சாமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் கடையில் வெள்ளை வெளேரென்று விற்கும் சாமை, பட்டை தீட்டப்பட்டது. அதன் நார் மில்லிலேயே போய்விட்டது. தீட்டாத சாமை மங்கிய பழுப்பாக இருக்கும், நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். அதனால்தான் கடைக்காரர்களுக்கு அதை வைத்திருக்கப் பிடிப்பதில்லை.

238க்குக் காரணம் காலைக் கஞ்சி என்று நினைக்கிறேன். தானியத்தை நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, குழையக் காய்ச்சி, ஐந்து நிமிடத்தில் குடித்தால் குடலுக்கு வேலையே இல்லை. மாவு நேராகச் சர்க்கரையாகி ரத்தத்துக்குப் போய்விடும். ராகி பிடிக்கும் என்றால் களியாகக் கிண்டிக் கீரைக் குழம்போடு மென்று சாப்பிடுங்கள், அதுவும் சின்ன உருண்டை. அந்தக் கஞ்சி மாவு வீட்டில் அரைத்ததா, வாங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியது என்றால் உடனே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த 'சிறுதானியச் சத்துமாவு' பாக்கெட்டில் முதலில் கோதுமை, இரண்டாவது மக்காச்சோளம், நடுவில் ஜவ்வரிசி, ராகி எட்டாவது! ஜவ்வரிசி முழுக்க முழுக்க மரவள்ளி மாவு. 'முளைகட்டியது' என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முளைவிடும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு இனிப்பாக மாறிவிடும். முளைகட்டிய ராகிக் கஞ்சி சர்க்கரை போடாமலே லேசாக இனிப்பது அதனால்தான். குழந்தைக்கு நல்லது, உங்களுக்கு வேண்டாம்.

இதே வரிசையில் 'சுகர் ஃப்ரீ அரிசி'க்காரர்களும், காலை நடைப்பயிற்சியில் பழக்கம் பிடித்து மூன்றாவது நாளே புரத மாவு டப்பாவை நீட்டும் ஏஜெண்டுகளும் வருவார்கள். மாவு இல்லாமல் அரிசி கிடையாது. "மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். இப்போது அதில் பாதி வந்தாலே அதிகம். (கிரியாட்டினின் கூடியவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றாமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.)

காலையில் பருப்பு அடை இரண்டு. ஒரு பங்கு வரகு, இரண்டு பங்கு பருப்பு: கடலை, துவரை, உளுந்து கலந்து, முருங்கைக்கீரை போட்டு, கொரகொரப்பாக அரைத்தது. கூடவே ஒரு அவித்த முட்டை. இதிலேயே 15 கிராம் புரதம் வந்துவிடும்.

மதியம் 50 கிராம் அரிசி. சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்து, எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். வெந்தால் 150 கிராம் போல வரும். தட்டில் முதலில் பொரியலையும் மீனையும் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றுக்கு வாருங்கள். இந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறையும். மீன் இல்லாத நாளில் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், கொஞ்சம் தயிர். சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் வீட்டுச் சாம்பாரில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் பருப்பு இருந்தால் பெரிய விஷயம். வீட்டாரையும் குறை சொல்ல முடியாது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். மருத்துவமனையில் கொடுக்கும் ஜெராக்ஸ் தாளிலோ புல்கா, பனீர், ஆப்பிள்! திருவாரூரில் யார் வீட்டில் தினமும் புல்கா சுடுகிறார்கள்?

மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல். இரவு கம்பு தோசை இருக்கட்டும். ஆனால் இரண்டோடு நிறுத்துங்கள். மாவில் இட்லி அரிசி வேண்டாம், இரண்டு பங்கு கம்புக்கு ஒரு பங்கு உளுந்து போதும். தொட்டுக்கொள்ள மீல்மேக்கர் குருமா அல்லது முட்டைக் குழம்பு.

இதை நாளைக்கே தொடங்கிவிடாதீர்கள். முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாகப் பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு என்று எதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, மாவுச்சத்தைக் குறைத்த வாரமே சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அந்த மாத்திரை நீங்கள் முன்பு சாப்பிட்ட அளவுக்கு எழுதியது; தட்டு சுருங்கியது அதற்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பார்த்த பிறகு, வாரத்துக்கு ஒரு வேளையாக மாற்றுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளவே கூடாது. வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். அந்த மாத்திரையின் வேலை அதற்குள் முடிந்திருக்காது. இதிலும் ஒன்று இருக்கிறது. பல கூட்டு மாத்திரைகளில் வோக்ளிபோஸ் சேர்ந்திருக்கும். அது சர்க்கரை செரிப்பதையே தாமதப்படுத்துவது. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் கைகொடுக்காது, மருந்துக்கடை குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

மாற்றிய பிறகு ஒரு நாள் காலை அடைக்கும், இன்னொரு நாள் மதியச் சோற்றுக்கும் சோதித்துப் பாருங்கள்: சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இரண்டாவது எண் 180க்குள் இருக்க வேண்டும். சோற்றுக்கு மட்டும் தாண்டினால் 50 கிராமை 40 ஆக்குங்கள். நான்கு எண்களையும், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் ஒரே தாளில் எழுதி டாக்டரின் மேஜையில் வையுங்கள். அவர் தரும் இரண்டு நிமிடத்தில் உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது, தாளைப் படிக்க இருக்கும்.