மாஸ்ட்டை உயர்த்தினால் போதுமா?

"ராணிப்பேட்டை பக்கம் எங்கள் தொழிற்சாலையின் 110 கேவி யார்டில் புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் பே போடுகிறோம். 18 மீட்டர் இடிதாங்கி மாஸ்ட்டிலிருந்து 9 மீட்டர் தள்ளி வருகிறது, புஷிங் உயரம் 6 மீட்டர். மாஸ்ட் உச்சியிலிருந்து இறங்கும் 45 டிகிரி சரிவுக்குள் இருந்தும் கன்சல்டன்ட் போதாது என்கிறார். மாஸ்ட்டை 25 மீட்டராக்கட்டுமா? அரை கிலோமீட்டரில் மலை வேறு இருக்கிறதே?"

ஆக்க வேண்டாம், காசுதான் வீண். மலையையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேகத்திலிருந்து இறங்கும் மின்னல் கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் எங்கே பாய்வது என்று முடிவெடுக்கிறது. அந்தத் தூரம் அதன் மின்னோட்டத்தைப் பொறுத்தது: S = 8 × I^0.65 (I கிலோ ஆம்பியரில், S மீட்டரில்). பெரிய மின்னல் தொலைவிலேயே மாஸ்ட்டைப் பிடித்துக்கொள்ளும், சின்னதுதான் நெருங்கி வந்து இடையில் நுழையும். அதனால் உங்கள் உபகரணம் தாங்காத மின்னல்களில் ஆகச் சின்னதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 110 கேவிக்கு பிஐஎல், அதாவது உபகரணம் தாங்கும் மின்னல் மின்னழுத்தம், 550 கேவி, பஸ்ஸின் சர்ஜ் இம்பிடன்ஸ் சுமார் 350 ஓம் என்றால் 2.2 × 550 / 350, அதாவது ஏறக்குறைய 3.5 கிலோ ஆம்பியர். அதற்கு S சுமார் 18 மீட்டர்.

இப்போது 18 மீட்டர் ஆரமுள்ள ஒரு பந்தை யார்டு முழுக்க உருட்டுங்கள். அது தொடுகிற இடத்தில் மின்னல் விழலாம், தொட முடியாத இடம் பத்திரம். தரையில் உட்கார்ந்து உங்கள் மாஸ்ட்டில் சாய்ந்திருக்கும் பந்து, 6 மீட்டர் உயரத்தில் மாஸ்ட்டிலிருந்து 4.6 மீட்டர் வரைதான் இடம் விடுகிறது. 45 டிகிரி கணக்கு அதே இடத்தில் 12 மீட்டர் தரும், கன்சல்டன்ட் சொன்னது சரிதான். மாஸ்ட்டை 25 மீட்டராக்கினாலும் பந்து அதே 18 மீட்டர் உயரத்தில்தான் இடிக்கும், மேலே இருக்கும் 7 மீட்டர் இரும்பால் புஷிங்குக்கு ஒரு பயனும் இல்லை. மலை விஷயமும் இதேதான், அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிற மலைக்கும் உங்கள் யார்டுக்கும் நடுவே இந்தப் பந்து தாராளமாக உருண்டு வரும்.

நான் என்றால் கேன்ட்ரியிலிருந்து பேயின் இரு பக்கமும் இரண்டு எர்த் வயர் இழுப்பேன். 14 மீட்டர் உயரத்தில் 20 மீட்டர் இடைவெளி என்றால் பந்து நடுவில் 3 மீட்டர் இறங்கி 11 மீட்டரில் நின்றுவிடும், 8 மீட்டர் உயரத்திலுள்ள பஸ்பாரைத் தொடாது. இடைவெளியை 28 ஆக்கினால் 7.3 வரை இறங்கிவிடும், போச்சு. இந்த 14 மீட்டர் வயர் தொய்ந்து நிற்கும் நடு இடத்தில் கிடைக்க வேண்டும், கட்டிய முனையில் அல்ல. வரைபடத்தில் பலரும் முனை உயரத்தைத்தான் எழுதிவிடுகிறார்கள். வயருக்கு வெளிப்பக்கம் 8 மீட்டர் உயரத்தில் 2.6 மீட்டர்தான் பாதுகாப்பு, ஓரத்து ஃபேஸை அதற்குள் வையுங்கள்.

அப்புறம், லைன் வழியாக வரும் சர்ஜை இந்த வயர் எதுவும் தடுக்காது. அதற்கு டிரான்ஸ்பார்மரை ஒட்டியே சர்ஜ் அரெஸ்டர் வேண்டும்.