ஒரே ட்ரையர் உள்ள தேயிலை ஸ்டோர்: தடுப்புப் பராமரிப்பா, பழுதான பிறகு பார்ப்பதா, இன்னொரு ட்ரையரா?

கேள்வி: "தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே ட்ரையர்தான் இருக்கிறது. மணிக்கு 200 கிலோ தேயிலை காயும். கடந்த 20 மாதங்களில் 2 மாதம் பழுதே இல்லை, 8 மாதம் ஒரு தடவை, 6 மாதம் இரண்டு தடவை, 4 மாதம் மூன்று தடவை பழுது. ஒவ்வொரு பழுதுக்கும் 6 மணி நேரமும் 90,000 ரூபாவும் போகிறது. மாதம் 70,000 ரூபாவில் தடுப்புப் பராமரிப்பு செய்தால் பழுது சராசரி 0.5 ஆகும். எது இலாபம்? சீசனில் நாளைக்கு 16,000 கிலோ கொழுந்து வருவதால் இரண்டாவது ட்ரையர் வேண்டுமா?"

பரீட்சைக்கு வேண்டிய கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 20 மாதத்தில் மொத்தம் 32 பழுது, அதாவது மாதத்துக்கு 1.6. பழுதான பிறகு பார்த்துக்கொண்டால் மாதச் செலவு 1,44,000 ரூபா. தடுப்புப் பராமரிப்பு செய்தால் 70,000 ரூபாவும் மிச்சமிருக்கும் அரைப் பழுதுக்கு 45,000 ரூபாவும் சேர்த்து 1,15,000. மாதம் 29,000 ரூபா மிச்சம், ஆகவே தடுப்புப் பராமரிப்பு. இதை எழுதினால் புள்ளி கிடைக்கும்.

ஆனால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கராக வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த 90,000 ரூபாவைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்ப்பேன். கொழுந்து குறைந்த பெப்ரவரியில் ட்ரையர் நிற்பதும் கொழுந்து குவியும் மே மாதத்தில் நிற்பதும் ஒன்றல்ல.

ட்ரையர் நின்ற நிமிடத்தில், வாடிய கொழுந்தை அரைக்கும் ரோலரிலிருந்து இறங்கிய தூள் ஏற்கனவே புளித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தி வைக்க வழியில்லை. நேரம் தாண்டினால் நிறமும் காரமும் போய்விடும். அப்படி 300 கிலோ தேயிலைக்குரிய தூள் மாட்டிக்கொண்டு, ஏலத்தில் கிலோவுக்கு 150 ரூபா குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 45,000 ரூபா. திருத்தச் செலவு 25,000. ஆக 70,000. இது எந்த மாதமானாலும் போகிற காசு.

வாட்டும் தொட்டியில் இருக்கும் கொழுந்தில்தான் வித்தியாசம் வருகிறது. கொழுந்து குறைந்த மாதத்தில் நாளைக்கு 6,000 கிலோ வரும் என்று எடுங்கள். 22 சதவீதம் தேயிலை இறங்கினால் 1,320 கிலோ, ட்ரையருக்கு ஏழு மணி நேர வேலைகூட இல்லை. ஆறு மணி நேரம் நின்றாலும் தொட்டிக்கு வெறும் காற்றை மட்டும் விட்டுக் கொழுந்தைக் காத்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு அரைத்து முடிக்கலாம். சீசனில் 16,000 கிலோவுக்கு 3,520 கிலோ தேயிலை, 17.6 மணி நேரம். அடுப்பு மூட்டிச் சூடேற்றவும் துப்புரவு செய்யவும் நேரம் போனால் ஒரு நாளில் உருப்படியாகக் கிடைப்பது 20 மணி நேரம்தான். அதாவது கையிருப்பு 2.4 மணி நேரம். ஆறு மணி நேரம் நின்றால் 3.6 மணி நேர வேலை, 720 கிலோ, இடமில்லாமல் நிற்கும். சாயந்தரம் புதுக்கொழுந்து லொறியில் வந்துவிடும், தொட்டியோ காலியாகியிருக்காது. அந்த 720 கிலோவும் 150 ரூபா குறைந்தால் இன்னும் 1,08,000. ஆக சீசன் பழுது ஒன்றின் விலை 1,78,000 ரூபா.

வருடத்தில் பத்து மாதம் 70,000, இரண்டு மாதம் 1,78,000 என்று சராசரி எடுத்தால் 88,000 வரும். உங்கள் கேள்வியிலுள்ள 90,000 ஏறக்குறைய அதுதான்.

இப்போது பழைய கணக்கை மாதவாரியாகப் போடுங்கள். சாதாரண மாதத்தில் பழுதுக்கு 1,12,000, தடுப்புப் பராமரிப்போடு 1,05,000. மிச்சம் வெறும் 7,000. சீசன் மாதத்தில் 2,84,800க்கு எதிராக 1,59,000. மிச்சம் 1,25,800. வருட இலாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் அந்த இரண்டு மாதத்திலேயே இருக்கிறது. ஆகவே 70,000 ரூபாவை மாதாமாதம் ஒரே அளவாகச் செலவழிப்பது வீண். திம்புள்ளைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலம், கொழுந்து குறைவு. தினமும் அரைக்க மாட்டார்கள். அந்த அரைக்காத நாட்களில்தான் ட்ரையரைத் திறக்க வேண்டும்: சங்கிலி இழுபட்டிருக்கிறதா, தட்டுகளின் கீல் தேய்ந்திருக்கிறதா, அடுப்புக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க. குழாய் வெடித்தால் இயந்திரம் நிற்காது, ஆனால் தேயிலையில் புகை வாடை ஏறிவிடும். அது நிற்பதைவிட மோசம், ருசி பார்க்கிறவர் சொல்லும்வரை நாள்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் வருவது தரமான தேயிலை, விலையும் அதிகம் என்பதால் அரைக்கும் நாளில் மட்டும் கைவைக்கக் கூடாது. ஊவாப் பக்கம் காலம் வேறு, நாட்காட்டியையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சீசனுக்குள் திறப்பதே கிடையாது, கவனிப்பது மட்டும்தான். வெந்நீர்ச் சூடு போல இருக்கிற ஃபேன் பேரிங் கூட்டில் ட்ரையர்காரர் புறங்கையை வைத்துப் பார்ப்பார், நேற்று வைக்க முடிந்த நேரம் இன்று வைக்க முடியவில்லை என்றால் சொல்லிவிடுவார். "ஐயா, மேல்தட்டுச் சத்தம் மாறிப்போச்சுங்க" என்று ஒருவர் வந்து சொன்னால் அன்று அரைப்பு முடிந்ததும் பார்க்காமல் படுக்கப் போகக் கூடாது. மோட்டர் எரிவது, கரண்ட் போவது போன்றவற்றை எந்த நாட்காட்டியும் தடுக்காது. 0.5 பூச்சியம் ஆகாததற்கு அதுவே காரணம். மற்றத் திடீர்ப் பழுதுகளுக்கு மாற்றுப் பேரிங்கும் சங்கிலித் துண்டும் ஸ்டோரிலேயே வைத்திருங்கள். கொழும்பிலிருந்து வரவழைத்தால் 6 மணி நேரம் ஒரு நாளாகிவிடும்.

சரி, இரண்டாவது ட்ரையர்? 20 மணி நேரம் × 200 கிலோ என்றால் நாளைக்கு 4,000 கிலோ. உங்களுக்குத் தேவை 3,520. காகிதத்தில் போதும். ஆனால் அந்த 200 கிலோ நன்றாக வாடிய கொழுந்துக்கு மட்டுமே உண்மை.

55 சதவீத ஈரத்தில் வாடிய கொழுந்திலிருந்து 3 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ தேயிலை எடுக்க ட்ரையர் சுமார் 1.16 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மழை பிடித்து, தொட்டி ஃபேன் சரியாக வீசாமல், 62 சதவீத ஈரத்தோடு ரோலருக்குப் போனால் அதே கிலோவுக்கு 1.55 கிலோ தண்ணீர். அடுப்பின் சூடு கூடப்போவதில்லை, ஆகவே 200 கிலோ ஏறத்தாழ 150 ஆக விழும். 3,520 கிலோவுக்கு 23 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ட்ரையர் பழுதே ஆகாமல் அன்று ஸ்டோர் திணறும், எல்லோரும் ட்ரையர் சின்னது என்பார்கள். தடங்கல் உண்மையில் மேல்மாடியில், வாட்டும் தொட்டியில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் சூடு வழக்கத்தைவிடக் குறைந்து, ட்ரையர்காரர் தட்டின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால் ஈரக்கொழுந்து வருகிறது என்று அறியலாம்.

ஆகவே நான் முதலில் தொட்டி ஃபேன்களையும் வெந்நீர் அல்லது சூடான காற்று வரும் வழியையும் சரிசெய்வேன். ரோலர்கள் நான்கைந்து இருப்பதால் ஒன்று நின்றாலும் ஓட்டலாம், அவற்றுக்குப் பழுதான பிறகு பார்ப்பதே போதும். அதன் பிறகும் சீசனில் சில நாட்கள் மட்டும் 18,000 கிலோவைத் தாண்டினால், மிஞ்சும் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பக் கூலி பேசிக்கொள்வது மலிவு. கொழுந்து வாங்கும் திட்டம் போட்டு, நன்றாக வாடிய நாட்களிலும் வாரக்கணக்கில் 20 மணி நேரம் போதாமல் போகிறது என்று ட்ரையர் புத்தகம் காட்டினால்தான் இரண்டாவது ட்ரையருக்கு விலை கேட்பேன்.